வெள்ளிக்கிழமை என்று சொன்ன தேதி

அப்பா இறந்தது சனிக்கிழமை காலை. இறப்புச் சான்றிதழில் இருந்ததோ முந்தின நாள் தேதி. இந்த ஒரு நாளுக்காக நான் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

அப்பா அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று கைவிரித்து, சனிக்கிழமை காலையில் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தார்கள். காரில் அம்மா, நான், சித்தப்பா, டிரைவர். ஊர் எல்லைக் கண்மாய்க் கரையில் வரும்போது மூச்சு நின்றது. அம்மா மடியில்தான் அப்பாவின் தலை இருந்தது. அம்மா அழக்கூட ஆரம்பிக்கவில்லை.

"மதினி, சனிக்கிழமைன்னு வாயத் தொறந்துறாதீக" என்றார் சித்தப்பா. "தெருவுல ஒருத்தரும் வாசலை மிதிக்க மாட்டாக. நேத்தே உசுரு போயிருச்சு, மிசின்லதேன் வச்சிருந்தாகன்னு சொல்லிருவோம்."

எங்கள் பக்கம் சனிக்கிழமைச் சாவு துணை தேடும் என்பார்கள். பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பினால்தான் அடுத்த வீட்டுக்காரருக்கு நிம்மதி. குஞ்சைக் கட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் கட்டவில்லை. பதிவு செய்ய வி.ஏ.ஓ.விடம் போனவரும் சித்தப்பாதான். ஆஸ்பத்திரிச் சாவு என்றால் ஊரில் பதியமாட்டார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை வீட்டில் இறந்தார் என்று சொல்லித் தகவல் கொடுத்தவராகக் கையெழுத்தும் போட்டார். அடுத்த மாதமே, ஆடுகளுக்குக் குழை ஒடிக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், பிறகு எழவேயில்லை. அப்பாவுடையது சனிக்கிழமைச் சாவு என்று சித்திக்கு நாங்கள் சொல்லவில்லை. எந்த வாயை வைத்துச் சொல்வது?

அப்பா போட்டிருந்த பாலிசிக்காகப் போனபோது இன்சூரன்ஸ்காரர் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை செத்தவரை சனிக்கிழமை உயிரோட டிஸ்சார்ஜ் பண்ணிருக்காங்களே சார்?" தேதி சரியாகும்வரை கோப்பு நகராது என்றார். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இதே சான்றிதழைத்தான் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அதைத் தவிர வேறு வருமானமில்லை. என் தறிக்கூலி என் பிள்ளைகளுக்கே பத்தாது.

வி.ஏ.ஓ. நல்ல மனிதர்தான். ஆனாலும் கடுகடுத்தார். "நான் எழுதுனதுல பிசகுன்னா நானே திருத்திருவேன். நீங்க சொன்னதே தப்புன்னா எப்படி? பணம் வாங்கப்போற நீங்களும் அம்மாவும் இல்லாம, விவரம் தெரிஞ்ச வேற ரெண்டு பேரு உறுதிமொழி எழுதித் தரணும், ஆஸ்பத்திரிக் காகிதமும் வேணும். பழையதை அழிக்க முடியாது. ஓரத்துலதான் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேல தெரிவிப்பேன்."

டிரைவர் ஒருவர் ஆச்சு. இன்னொருவர்?

"தகவல் குடுத்தவரு இப்ப உசுரோட இல்ல. அவரு வீட்டம்மா எழுதித் தரட்டும். கார் என்னைக்கு வந்துச்சு, அவரு எதுக்கு மாத்திச் சொன்னாருன்னு நான் கேக்கணும்ல" என்றார் வி.ஏ.ஓ.

மறுநாள் டிரைவரைக் கேட்டேன், வேறு யாராவது இருப்பார்களா என்று. "ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கையில வீரசோழன் ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தான், அவனும் போய்ச் சேந்துட்டான்ணே" என்றார். சாவுக்குச் சாட்சி தேடினால் சாவுதான் கிடைக்கும் போலிருந்தது.

அம்மாவே சித்தி வீட்டுக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். சித்தி வேலிக்கருவை விறகை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், கண்மாய்க் கரையிலிருந்து, ஒன்று விடாமல். சித்தி கைவேலையை நிறுத்தவில்லை.

"மிசினுன்னு என்கிட்டயும் பொய்யா?" என்றாள் சித்தி. "அவுகளா அப்படிச் சொல்லச் சொன்னது?"

"ஆமாத்தா. அவுகதான். எனக்காகத்தான்."

சித்தி அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும், வாங்க" என்றாள்.

வி.ஏ.ஓ. எழுதி வாசித்தார். கார் சனிக்கிழமை வந்தது, என் கணவர் தவறாகத் தகவல் கொடுத்தார், இது உண்மை. சித்தி பேனாவைப் பிடித்தவள், எழுதாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரு கோழிக்குஞ்சுதானக்கா. என்கிட்டச் சொல்லிருந்தா ஆருக்கும் தெரியாம நானே கட்டி விட்டிருப்பேனே. எம்புருசன் எனக்கு இருந்திருப்பாகளே."

அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். சித்தி கையை இழுத்துக்கொண்டாள்.

சான்றிதழ் திருத்தி வந்தது. ஓய்வூதியமும் வந்தது. முதல் மாதப் பணத்தை எடுக்க அம்மாவை வங்கிக்குக் கூட்டிப்போக வண்டியை எடுத்தேன். சித்தி வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள்.