தரையில் நிற்கும் முதல் படி

எங்கள் வீட்டுப் படிக்கட்டை நான் டிசைன் செய்தேன். இதை எழுதும்போதே முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. கே.கே. நகரில் ஒரு கட்டுமான ஆலோசனை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் வீடுகளுக்கெல்லாம் தூணும் உத்தரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், அவனியாபுரத்தில் சொந்த அப்பா கட்டும் வீட்டுக்குப் போடும்போது ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். வெளி ஆட்களிடம் ‘சார், இது கட்டுமானக் கோட் விதிப்படிதான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்பாவிடம் அது நடக்காது.

அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கடையில் வாங்கும் ஆணியைக்கூட வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பார்க்கிற ஆள். படிக்கட்டுக் கணக்கை நான் மேசையில் விரித்தபோது முதல் பக்கத்திலேயே விரலை வைத்தார்.

“இந்த லேண்டிங்குல எம்புட்டுப் பேரு நிக்கலாம்?”

நல்ல கேள்வி. எந்தப் படிக்கட்டுக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. குடியிருக்கும் வீட்டுப் படிக்கட்டுக்குச் சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ ஆள் பாரம் எடுக்கவேண்டும். அதாவது ஒரு சதுர மீட்டரில் நன்றாகச் சாப்பிட்ட நாலு பேர் நெருக்கியடித்து நிற்பது. எங்கள் லேண்டிங் இரண்டு சதுர மீட்டர். ஆகவே எட்டுப் பேர். அதோடு ஸ்லாப்பின் சொந்த எடை, படிகளின் எடை, மேலே ஒட்டப்போகும் கிரானைட்டும் கலவையும். எல்லாவற்றையும் கூட்டி, பிறகு ஒன்றரையால் பெருக்கித்தான் கம்பியே கணக்கிடுவோம் என்று விளக்கினேன்.

“அப்ப அதுக்குக் கீழ முக்காலி போட்டு நான் உக்காரலாம்கிற?”

“தாராளமா உக்காரலாம்ப்பா.”

“பாப்போம்” என்றார். அவர் ‘பாப்போம்’ என்றால் இன்னும் நம்பவில்லை என்று அர்த்தம். ஆனால் வெளியே போய்ப் பட்டறை நண்பர்களிடம், டீக்கடையில், எதிர்வீட்டு மாமாவிடம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் “டிசைன் எம் மகதான்” என்று சொல்லிவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

படிக்கட்டு எளிமையானது. தரையிலிருந்து ஒன்பது படி ஏறினால் லேண்டிங். அங்கே திரும்பி இன்னொரு ஒன்பது ஏறினால் மாடி. படிகளுக்கு அடியில் சாய்வாகப் போகும் ஸ்லாப் ஆறு அங்குலக் கனம். கீழ்முனை தரையில் ஒரு அஸ்திவாரத்தில் உட்காரும். மேலே லேண்டிங்கோடு ஒன்றாகச் சேர்ந்து, பின்சுவரில் போய் அமரும். நடுவில் உத்தரம் எதுவும் கிடையாது. மொத்த நீளத்துக்கும் அந்த இரண்டு முனைகள்தான் பொறுப்பு. அந்த இடைவெளியைத்தான் நாங்கள் ஸ்பான் என்போம்.

காங்கிரீட் போடும் நாள் காலையில் கம்பியைச் சரிபார்க்க ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். மிக்சர் மெஷின் வந்து நிற்கிறது. ஜல்லி, மணல் குவிந்திருக்கிறது. ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா வெள்ளை வேட்டியில் நின்று, எதிர்வீட்டு மாமாவுக்குச் சென்ட்ரிங் பலகைகளைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் மேலே ஏறி எண்ணினேன். கீழ்ப் பகுதியில் பத்துப் படி இருந்தது.

மறுபடி எண்ணினேன். பத்துதான்.

விசயம் இதுதான். அம்மாவும் சித்தியும் நாலைந்து நாள் முன்பு வந்து, பலகையில் கோடு போட்டிருந்த படிகளை ‘லாபம், நட்டம், லாபம், நட்டம்’ என்று எண்ணியிருக்கிறார்கள். பதினெட்டாவது படி நட்டத்தில் முடிந்திருக்கிறது. நட்டத்தில் கால் வைத்து மாடிக்குப் போகிற வீட்டில் யார் குடியிருப்பார்கள்? மேஸ்திரியிடம் ஒரு படி சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். அவரும் எல்லாப் படிகளின் உயரத்தையும் கொஞ்சம் குறைத்து, லேண்டிங்கைச் சற்று உயர்த்தி, கீழ்முனையைக் கூடத்துக்குள் ஒரு படி அகலம் இழுத்து, அழகாகவே செய்திருந்தார். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

“ஒத்தப் படிக்குப் போயி ஆபீஸ்ல இருக்கவளத் தொந்தரவு பண்ணுவாகளா?” என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. கோபத்தில் கணக்குப் போடக்கூடாது என்பதால் முதலில் ஒரு டீ குடித்தேன். பிறகு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து புது நீளத்துக்குப் போட்டேன்.

பாரம் தாங்கியது. என் கம்பிக்கு அந்த அளவு கை இருப்பு இருந்தது. ஆனால் படிக்கட்டுக்குத் தாங்குவது மட்டும் போதாது, தொய்யாமலும் இருக்கவேண்டும். நீளத்தை ஸ்லாப்பின் கனத்தால் வகுத்து, அந்த எண் ஒரு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். கம்பியில் இழுவை ஏற ஏற அந்த எல்லை இறங்கும். என் வரைபடத்தில் இருபத்தாறுக்குள் இருந்தது, எல்லை இருபத்தொன்பது. இப்போது இருபத்தேழரை, எல்லையோ இருபத்துநாலுக்கு இறங்கிவிட்டது. ஒரே ஒரு படி இரண்டு பக்கமும் கெடுத்திருந்தது.

அது போதாதென்று, பழைய அளவுக்கு வெட்டி வந்த கம்பி புது நீளத்துக்கு எட்டவில்லை. எல்லாக் கம்பிக்கும் நடுப்பகுதியில், ஒரே வரிசையில், துண்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். இழுவை அதிகமான, ஒட்டு வைக்கவே கூடாத இடத்தில் ஒரு சாண் ஒட்டு.

“மெஷினை ஓட்டாதீங்க மேஸ்திரி” என்றேன்.

தெரு திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன். ‘டிசைன் எம் மகதான்’ என்று ஊரெல்லாம் சொன்னவர், அந்த மகளே வேலையை நிறுத்தி நிற்கும்போது எங்கே பார்ப்பார்? இன்று நான் ‘சரி, போடுங்க’ என்றால் இனி இந்த வீட்டில் என் கணக்கு வெறும் காகிதம்தான். அதுவும் எனக்குத் தெரிந்தது.

“பாப்பா, ஒத்தப் படிதான? இன்னும் நாலு கம்பி சேத்துக் கட்டிருவோம். இடிஞ்சா விழப்போகுது?” என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவரில்லை. சொன்னதும் முழுத்தப்பில்லை, முழு நீளக் கம்பியை நெருக்கிப் போட்டால் எல்லை கொஞ்சம் ஏறும். ஆனால் துண்டுக் கம்பியை எத்தனை சேர்த்தாலும் துண்டுதான்.

“இடியாது அண்ணே. தொய்யும். இன்னிக்கு இல்ல, ரெண்டு மூணு வருசத்துல. கிரானைட் விரியும், அடியில கீறல் விடும்.”

அப்பா அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: “கண்ணுக்குத் தெரியிற அளவுக்கா?”

“தெரியலாம்ப்பா. தெரியாமலும் போகலாம். ஆனா எல்லையத் தாண்டிருச்சு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அவர் லேத்தில் நீளக் கம்பியை நடுவில் தாங்கு வைக்காமல் கடைந்தால் என்ன ஆகும் என்பதை என்னைவிட நன்றாகவே அறிந்தவர். அம்மாதான் விடவில்லை. “அப்ப நட்டத்துல முடிக்கச் சொல்றியா?”

நான் படிக்கட்டின் கீழ்முனையில் போய் நின்றேன். பழைய கீழ்முனைக்காகப் போட்ட அஸ்திவாரம் அப்படியே இருந்தது. மேஸ்திரி அதற்கு முன்னால் புதிதாக ஒன்று போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் உறைத்தது. அம்மாவுக்கு வேண்டியது எண்ணிக்கையில் ஒரு படி. அந்தப் படி ஸ்லாப்பில் தொங்கவேண்டும் என்று அம்மா எங்கே சொன்னாள்?

முதல் படியைத் தனியாகத் தரையில் உட்காரவைத்துவிடலாம். இறுக்கிய மண்மேல் கெட்டிக் காங்கிரீட். அதன் பாரம் நேரே பூமிக்கு. பழைய அஸ்திவாரத்தை ஒரு படி உயரம் ஏற்றிக் கட்டி, ஸ்லாப்பை இரண்டாவது படியிலிருந்து தொடங்கினால் ஸ்பான் பழையபடி. வெட்டி வந்த கம்பி ஒட்டில்லாமல் சேரும், வளைவை லேசாகத் திருத்தினால் போதும். லேண்டிங்கைத் தொடவே வேண்டாம். எண்ணினால் பத்தொன்பது.

சிமெண்ட் மூட்டையிலேயே படம் போட்டுக் காட்டினேன். மேஸ்திரி கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சென்ட்ரிங் கீழ்ப்பக்கம் பிரிக்கணும். இன்னிக்கு காங்கிரீட் கெடயாது” என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். வாடகைக்கு வந்த மெஷின், கூலிக்கு வந்த ஆட்கள், வாசலில் எதிர்வீட்டு மாமா. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பிரிங்க” என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பி, சற்று உரக்கவே, “எஞ்சினியர் ஒத்துக்கிடல” என்றார்.

பாப்பா என்று சொல்லவில்லை. எம் மக என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து வீடு கட்டித் தரலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்துக் காங்கிரீட் போட்டோம். முட்டுகளை எடுத்த அன்று அப்பா பட்டறையிலிருந்து நூலும் ஸ்கேலும் கொண்டுவந்து, ஸ்லாப்பின் அடியில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தார். என்ன அளந்தார், என்ன வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் தூணுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுமனை புகுவிழாவில் அம்மா எல்லோர் முன்னாலும் ‘லாபம், நட்டம்’ எண்ணிக்கொண்டே ஏறி லாபத்தில் மாடியை மிதித்தாள். பிறகு போட்டோக்காரர் சொந்தபந்தம் மொத்தத்தையும் படிக்கட்டில் ஏற்றினார். கல்லுப்பட்டிப் பெரியப்பா குடும்பம் முழுசாக லேண்டிங்கில் போய் நின்றது. என்னால் சும்மா இருக்க முடியுமா? தலையை எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது ஆள் இடுப்பில் ஒரு குழந்தை. ஒன்றரையால் பெருக்கியிருக்கிறோமே என்று மூச்சு விட்டேன்.

“அத்தானக் காணமே, வீட்டுக்காரரு இல்லாம என்ன போட்டோ?” என்று சித்தி குரல் கொடுத்தாள்.

தேடினோம். லேண்டிங்குக்கு அடியில், குனிந்துதான் உள்ளே போகவேண்டிய அந்த இடத்தில், அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா குடும்பம் மொத்தமும் அவர் தலைக்கு ஒரு சாண் மேலே.

“வாங்கப்பா, போட்டோ எடுக்கணும்” என்றேன்.

“நீங்க எடுங்க. நான் வரல” என்று பேப்பரைத் திருப்பினார்.

கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் அப்பா இல்லை. வருகிறவர்கள் எங்கே அவர் என்று கேட்டால் அம்மா லேண்டிங்குக்குக் கீழே விரலை வைத்து, “இங்கனதான் இருந்தாக” என்று காட்டுவாள்.