பக்கத்து வீட்டுக்காரியின் பச்சை அட்டைகள்

டிவி தொடர் எழுதும் அந்த அறையில் அவளுக்கு அட்டைக்காரம்மா என்று பெயர். நாவலைக் காட்சி காட்சியாகப் பிரித்து, கதையில் வரும் ஆளுக்கொரு நிறத்தில் அட்டை எழுதிச் சுவரில் குத்துவது வேலை. இருபது வருடத்தில் அவள் குத்திய ஊசிகளை உருக்கினால் ரயில் தண்டவாளமே போடலாம்.

இந்த முறை வந்த நாவல், செத்துப்போன அவளுடைய அக்கா எழுதியது. அறையில் அது யாருக்கும் தெரியாது. கதையில் அக்கா நோயில் விழுகிறாள். பேச்சை முறித்துக்கொண்டு போன தங்கை எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் கவனித்துக்கொள்கிறாள். ஒருநாள் மழையில் போய்த் தங்கையின் கதவைத் தட்டுகிறாள். தங்கை உள்ளேதான் நிற்கிறாள், திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மடியில் அக்கா கண்ணை மூடுகிறாள். கதவு தட்டியதுவரை நடந்ததைத்தான் அக்கா எழுதியிருந்தாள்; மடியில் கண்ணை மூடும் கடைசி வரியும், எழுதிய மாதமே அவளுக்கு அப்படியே நடந்தது. திறக்காத தங்கை, நம் அட்டைக்காரம்மாதான்.

மூக்குக்கண்ணாடியைத் தேடுவதையே மூன்று எபிசோடு இழுக்கக்கூடிய திரைக்கதைக்காரர் சுவரைப் பார்த்தார்.

"மஞ்சள், தங்கச்சி, பன்னிரண்டாவது எபிசோடோட காணாமப் போகுது. பச்சை, பக்கத்து வீட்டுக்காரி, அங்கதான் வருது. ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்கம்மா. தங்கச்சியே பார்த்துக்கட்டும். அவ்வளவு பெரிய நடிகையை சும்மா உக்கார வைக்க முடியுமா?"

"அப்ப கதவு தட்டுற சீன் சார்?"

"தட்டுறவளும் திறக்காதவளும் ஒரே ஆளாயிட்டா, யாரு கதவை யாரும்மா தட்டுறது? தானா விழுந்துடும். கடைசில தங்கச்சி மடியில போவா. பார்க்கறவங்க மனசு ஆறணும்ல."

"திறக்காததுதானே சார் கதை."

"திறக்காதவளை யாரும்மா தினம் சாயங்காலம் வந்து பார்ப்பாங்க?"

கதவு தட்டும் அட்டை போக, மற்றப் பச்சை அட்டைகள் பதினாலையும் அவளே மஞ்சளில் மாற்றி எழுதினாள். மாத்திரை பிரித்தவள் தங்கை. தலை வாரியவள் தங்கை. "சாப்பிடலேன்னா என் வீட்டுக்குப் போயிடுவேன்" என்ற மிரட்டல், "நானும் சாப்பிட மாட்டேன்" என்றானது. அக்கா தங்கைக்கு எழுதிய கடிதமும் போயிற்று. கூடவே இருப்பவளுக்குக் கடிதம் எதற்கு?

கடைசி எபிசோடு அன்று, சுவரிலிருந்து கழற்றிய பழைய பச்சை அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நிஜமானவள் டிவி முன்னால் இருந்தாள். திரையில் தங்கை மடியில் அக்கா கண்ணை மூடினாள்.

"என்னை எங்கடி காணோம்?"

"நான்தான் எடுத்துட்டேன். திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? நானும் மாத்தித்தானே சொன்னேன். அன்னிக்கு மழையில திரும்பி வந்து, நீ ஊர்லயே இல்ல, வீடு பூட்டியிருக்குன்னு உங்கக்காகிட்ட சொன்னேன். சரின்னு தலையாட்டிக்கிட்டா. நிம்மதியாத்தான் போனா, நீ அழாத."

அட்டைக்காரம்மா பையைத் திறக்கவில்லை. கதவு தட்டும் காட்சியின் அட்டை மேலாகவே இருந்தது. அக்கா நாவலில் எழுதியிருந்தபடியே அவள் அதில் எழுதியது: தங்கை உள்ளே நிற்கிறாள், கை தாழ்ப்பாள் மேல்.

பக்கத்து வீட்டுக்காரி அந்த நாவலைப் படித்ததே இல்லை.