மூன்றாவது கட்டம்

அப்பாவுக்கு வாய்தான் முதலீடு. முப்பது வருடம் மரச்சாமான் கடையில் விற்பனையாளர். நாற்காலி வாங்க வந்தவர் தலையில் கட்டிலையும் கட்டி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான், அவர் பேசி முடித்தால்தான் எங்களுக்குச் சோறு. அந்த வாய்க்குப் பக்கவாதம் பூட்டுப் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. பதில்தான் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்.

"உதடு மூடித் திறக்கிற எழுத்து அவருக்குச் சுலபம். ப வரிசையில ஆரம்பிக்கிற மூணெழுத்து வார்த்தையா ஒரு நாப்பது வேணும். எழுத்துக்கு ஒரு கட்டம்னு அட்டை அடிச்சிடுங்க. வீட்லயே பழக்குங்க. அடுத்த வாரம் நான் பாக்கிறேன்."

நாற்பதென்ன, நானூறே தருகிறேன் என்றேன். கணினி என் பிழைப்பு. வரிக்கு ஒரு சொல்லாக அகராதிக் கோப்பு ஒன்று இருந்தது. ப-வில் தொடங்க வேண்டும், நீளம் மூன்று. இரண்டே நிபந்தனை. 'பெ'யில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் ப-தான் முதலில் நிற்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். அவ்வளவு கெட்டிக்காரி! வந்த பட்டியலிலிருந்து நாற்பதைப் பிடுங்கி, கட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டு, பின்பக்கம் முழுச் சொல்லோடு அச்சடித்தேன். அட்டைகளின் முகப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். அட்டையின் முகம் அப்பா பக்கம், முதுகு என் பக்கம்.

"படி. சொல்லுங்கப்பா. ப... டி."

அப்பா உதட்டைச் சேர்த்தார். முதல் கட்டத்தைத் தொட்டார், இரண்டாவதைத் தொட்டார், மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அட்டையைப் பாருங்கப்பா, என்னை எதுக்குப் பாக்கிறீங்க?"

பசி, பனி, பகை. ஒவ்வொன்றிலும் அதே மூன்றாவது கட்டம், அதே விரல். ஞாயிறும் இதே கூத்து. எனக்குப் பொறுமை போய்விட்டது. "முயற்சியே பண்ணமாட்டேங்கிறீங்க" என்று கத்திவிட்டேன். அவர் தன் நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார், இங்கே ஒன்றும் இல்லை என்பதுபோல. கண்ணில் தண்ணீர். என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி வீசினார். அது முகம் மேலே தெரிய விழுந்தது.

முதல் கட்டத்தில் ப. இரண்டாவதில் ட. மூன்றாவதில் புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டமும் அதன் தலையில் ஒரு கொக்கியும்.

கணினிக்கு 'டி' ஓர் எழுத்து இல்லை. ட ஒன்று, கொக்கி ஒன்று. மெய்யின் புள்ளியையும் தனியாகத்தான் எண்ணும். அதனால்தான் மூன்று கேட்டவளுக்கு இரண்டெழுத்துச் சொற்களாக அள்ளிக் கொடுத்திருந்தது. பழத்தை நான்கு என்று எண்ணி ஓரம் கட்டியிருந்தது. உலகத்தில் இல்லாத ஓர் எழுத்தை அப்பா முன்னால் நீட்டி, இரண்டு நாள் வாசிக்கச் சொல்லித் திட்டியிருக்கிறேன். தனக்கு எழுத்தும் மறந்துபோனதென்று அவர் நம்பிவிட்டார்.

உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முந்தின எழுத்தோடு ஒட்டி, அதற்குப் பிறகு எண்ணும்படி கணினிக்குச் சொன்னேன். பாலம், பெட்டி, பகல், பாட்டு எல்லாம் வந்தன. கூடவே 'பறழ்' மாதிரி என் ஆயுளில் யாரும் சொல்லிக் கேட்காத சொற்கள் நூற்றுக்கணக்கில். களைந்து களைந்து கண் பூத்துப் போனது. இந்தத் தடவை ஒவ்வோர் அட்டையையும் இரு பக்கமும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி அறையில் அந்த அம்மா என் கதையைக் கேட்டுவிட்டு, "முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். சொல்லியிருக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பழைய அட்டையைக் காட்டினேன். "இது எழுத்தே இல்லப்பா. என் தப்பு. உங்களுக்கு ஒண்ணும் மறந்து போகல."

அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. நான் அவசரமாகப் புது அட்டையை நீட்டினேன். "இது சரியா இருக்கு. பாலம். பா..."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை. பா..."

முகம் சிவந்தது. உதடு ஒட்டியது, நடுங்கியது.

"போடி!"

தெளிவாக, கடையே திரும்பிப் பார்க்கிற அந்தப் பழைய குரலில். சொன்னவரே திடுக்கிட்டு வாயைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த அம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார். "கோவத்துல வர்ற வார்த்தை சில நேரம் தானா வந்துடும். விடாதீங்க, அதையே பிடிச்சுக்கலாம்."

நாற்பது அட்டைகளையும் மடியிலிருந்து கீழே வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை திட்டுங்கப்பா" என்றேன்.