நோராவுக்கு அனுப்பிய சீட்டு

நோரா எங்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் நர்ஸ். 1936இல் காசநோய் வந்து எட்டு மாதம் லீவில் போனாள். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், மறுபடி வேலையில் சேருமுன் அவளோடு நிதானமாகப் பேச நினைத்தேன். நான் அப்போது நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன். மேஜையில் கிடந்த அச்சடித்த சீட்டில், "திங்கள் பத்து மணிக்கு என் அறைக்கு வரவும்" என்று மட்டும் எழுதி, ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் வீட்டுக்கு அனுப்பினேன்.

வந்தவள் உட்காரவில்லை. துவைத்து மடித்த யூனிஃபாரத்தை மேஜைமேல் வைத்தாள்.

"எதுக்கு நோரா இது?"

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துடறேன் மேட்ரனம்மா. இந்தச் சீட்டு வந்து யாருக்கு வேலை மிஞ்சியிருக்கு?"

உண்மைதான். ஆளை வேலையைவிட்டு அனுப்பத்தான் அந்தச் சீட்டை எடுப்பேன். ஊசி போடும்போதுகூட நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போடுகிறவள் நான்; நோராவுக்கு எதற்கு வரச்சொல்கிறேன் என்று எழுதவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சீட்டைக் கிழித்தேன். வெள்ளைத்தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன்: "புதன் நாலு மணிக்கு டீ குடிக்க வா. உடம்பு எப்படி இருக்கிறது, முதலில் எந்த வேலை உன்னால் முடியும் என்று கேட்கத்தான். உன் வேலை உனக்குத்தான்."

இரண்டு முறை படித்தாள்.

"இதை முதல்லயே எழுதியிருந்தா மூணு நாள் சாப்பிட்டிருப்பேன்," என்று யூனிஃபாரத்தை எடுத்துக்கொண்டாள்.