ஏழரை மணி முகூர்த்தம்

என் வீட்டுக்காரர் தை மாதத்தில் இறந்தார். வருஷம் திரும்புவதற்குள் பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிப்போய்விடும் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். மண்டபம் பிடிக்க எனக்கு வசதியில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேலூர் பக்கம் மலைமேல் உள்ள முருகன் கோயில் அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் என் வயதில் ஒரு அம்மா இருந்தார். ஆவணியில் தேதி கேட்டேன்.

"முகூர்த்த நாளெல்லாம் புக் ஆயிடுச்சும்மா. ஆவணி கடைசி முகூர்த்தத்துல ஏழரைல இருந்து எட்டு வரைக்கும் மட்டும் காலியா இருக்கு. முன்னாடி ஒரு கல்யாணம், பின்னாடி ஒரு கல்யாணம். அரை மணி நேரத்துல முடிச்சு எறங்கிடணும்."

சரி என்றேன். பையன், பெண் ஆதார், வயதுச் சான்று, இருவருக்கும் இதுதான் முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்று, போட்டோ, பத்திரிகை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். பெற்றோர் ஆதாரும் வேண்டும் என்றார்.

"பொண்ணோட அப்பா இல்லம்மா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இறப்புச் சான்று நகல் ஒண்ணு வெச்சுடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அலங்காரத்தைப் பற்றிக் கேட்டேன். தூணில் ஆணி அடிக்கக் கூடாது, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ, பலூன் எதுவும் கூடாது, நிஜப் பூவில் தோரணம் கட்டிக்கொள்ளலாம், முடிந்ததும் நாங்களே அவிழ்த்து எடுத்துவிட வேண்டும் என்றார். தயங்கித் தயங்கி, "அவர் படம் ஒண்ணு ஓரமா வெச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"சன்னதி மண்டபத்துல மறைஞ்சவங்க படம் வெக்க மாட்டோம்மா. வீட்ல மாலை போட்டுக் கும்பிட்டுட்டு வாங்க."

எத்தனை பேர் வருவார்கள் என்று அவர் கேட்டார். என் வீட்டுக்காரருடைய கம்பெனி ஆட்கள், என் கம்பெனி ஆட்கள், சொந்தம் என்று மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். "நூறு பேருக்கு மேல மண்டபம் தாங்காதும்மா. அடுத்த கல்யாணத்து ஜனமும் வந்து நிக்கும். ஜாஸ்தி கூப்பிடாதீங்க, கூட்டம் பேஜாராயிடும். சாப்பாடு கீழ, வெளியில."

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பெண் என்னை அனுப்பும்போதே அதைக் கேட்டு வரச் சொல்லியிருந்தாள். "மணையில நான் உக்காந்து தாரை வார்க்கலாமா?"

அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "உக்காரக் கூடாதுன்னு கோயில்ல விதி எதுவும் கெடையாதும்மா. ஆனா அதை உங்க ரெண்டு வீடும்தான் பேசிக்கணும்."

பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். விதி இல்லை என்று பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலமே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. வர்றவங்க நாலு பேரு பேசுவாங்க. கொழந்தைங்க நல்லா இருக்கணும் இல்ல?"

நான் "சரிங்க" என்றேன். பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அப்படின்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்மா," என்றாள். "இன்னா பேச்சு இது? அவங்க மனசுல கெட்டது இல்ல," என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். என்னை யாரும் சமாதானப்படுத்தவில்லை.

கல்யாணத்தன்று காலை என் மச்சினரும் ஓர்ப்படியும் மணையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் ஒரு தூணோரம் நின்றேன். ஏழே முக்கால் இருக்கும். எட்டு மணிக் கல்யாணத்துக்காரர்கள் அதற்குள்ளேயே மேளத்தோடு வந்துவிட்டார்கள். குழந்தைகளும் கூடைகளுமாக எனக்கு முன்னால் நெருக்கி நின்றார்கள். எக்கிப் பார்த்தேன், யாரோ ஒருவரின் முதுகுதான் தெரிந்தது. நகரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. முன்னால் போகக் கால் வரவில்லை. கெட்டிமேளம் கேட்டது. கையில் வைத்திருந்த அட்சதையை அந்த முதுகுகளுக்கு மேலே வீசினேன். எங்கே விழுந்ததோ.

உடனே அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். தோரணத்தை நானே அவிழ்த்தேன். பிறகு அலுவலகத்தில் பதிவேட்டில் கையெழுத்து. "பொண்ணோட அம்மா முன்னாடி வாங்க," என்று அதே அம்மா கூப்பிட்டார். அங்கே மட்டும் எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். கழுத்தில் புதுக் கயிறு மஞ்சளாக இருந்தது.

"தாலி கட்டும்போது திரும்பித் திரும்பிப் பாத்தேம்மா. நீ தெரியவே இல்ல. பாத்தியா நீ?"

"பாத்தேன்டி. நல்லாப் பாத்தேன்," என்றேன்.