ஜெராக்ஸ் அக்காவும் ஐந்தாவது வட்டமும்

அஸ்தம்பட்டிக் கிளை நூலகத்தின் மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை யார் புதிதாகப் படிக்க வந்தாலும், முதலில் அவர்களுக்குச் சொல்லப்படுகிற பெயர் ஜெராக்ஸ் அக்காவுடையதுதான். பழைய வினாத்தாள் எந்த ஆண்டுடையது வேண்டுமானாலும் அவரிடம் பிரதி இருக்கும். பெயர் அதற்காக வந்ததென்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாதிதான் உண்மை. கேள்வியின் முதல் மூன்று சொற்களைப் படித்தால் போதும், மீதியை அவர் முடித்து, விடை சி என்றோ பி என்றோ சொல்லிவிடுவார். மெஷின் மாதிரி என்று யாரோ சொன்னார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் பெயர் மைதிலி. வயது முப்பத்து மூன்று. பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். கணவர் குணசீலன் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போனால் திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். மகளின் பள்ளிக்காக அயோத்தியாப்பட்டணத்தில் வாடகை வீடு. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, குரூப் நான்கு தேர்வுக்குப் படிப்பது ஒன்றுதான் மைதிலியின் வேலை. எட்டுப் பழைய தாள்களை, ஒவ்வொன்றையும் பத்துத் தடவைக்குக் குறையாமல் போட்டிருந்தார். எட்டாவது தடவைக்கு மேல் எந்தத் தாளிலும் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போனதில்லை. போகாது, பின்னே? பார்த்த படத்தையே பத்துத் தடவை பார்த்தால் கொலைகாரன் யாரென்று தெரியாமலா இருக்கும்.

இதில் ஒரு பொய் இருந்தது. போன தேர்வு முடிந்ததும், "எவ்வளவு வரும்?" என்று மாடியில் எல்லாரும் கேட்டார்கள். இருநூறில் நூற்று அறுபத்தெட்டு என்று மைதிலி சொன்னார். வேலை கிடைக்காதபோது, "ரெண்டே கேள்வியில போச்சுங்க" என்றார். குணசீலனிடமும் அதையேதான் சொன்னார். ரெண்டு கேள்விதானே, இன்னொரு வருஷம் படி என்று அவர் சொல்லிவிட்டார். உண்மையில் சரியாக இருந்தவை நூற்றுப் பத்தொன்பது.

அடுத்த தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது, மாடியில் சேர்ந்து படிப்பவர்களில் ஒருவரான, வாழப்பாடியில் உரக்கடை வைத்திருக்கும் ஜீவானந்தம் தானே தயாரித்த ஒரு கட்டு மாதிரி வினாத்தாளோடு மாடி ஏறி வந்தார். நாற்பது வயசுக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"எல்லாமே பழைய கேள்விதான்," என்றார். "லேசா திருப்பி வெச்சிருக்கேன். மூணு மணி நேரம். ஆரம்பிக்கலாமா?"

மைதிலி சிரித்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தார். பழைய கேள்வி என்றால் அது அவருடைய வீடு.

முதல் அரைமணி கை பறந்தது. பத்துப் பேர் பதினெட்டு நாளில் முடிக்கும் வேலை என்று பார்த்ததுமே பன்னிரண்டு என்பதைத் தேடி வட்டத்தைக் கருப்பாக்கினார். பிறகு வந்த கேள்விகளில்தான் கை தயங்கத் தொடங்கியது. தெரிந்த கேள்வி, ஆனால் தெரிந்த விடை அங்கே இல்லை. கூற்று இருக்கும், காரணம் மாறியிருக்கும். பொருத்துக என்றால் இடப்பக்கம் வலப்பக்கமாகியிருக்கும். நன்றாகத் தெரிந்தவர் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்பது போல இருந்தது. ஐந்தாவது வட்டம் 'ஈ', அதாவது 'விடை தெரியவில்லை'. உண்மைத் தேர்விலும் அந்த வட்டம் உண்டு. மைதிலி அதை இதுவரை எந்தத் தாளிலும் தொட்டதில்லை. அன்றும் தொடவில்லை. ஏதோ ஒன்றை அடித்து நிரப்பினார்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தாளை அவரவர் திருத்தக்கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். திருத்தியவரே மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மைதிலியின் தாள் அகல்யாவிடம் போனது. அகல்யாவுக்கு இருபத்தாறு வயது, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலை. மைதிலி எப்படிப் படிக்கிறாரோ அப்படியே படிப்பவள். அவளுடைய தாள் மைதிலியிடம் இருந்தது.

ஜீவானந்தம் விடைகளைச் சொல்லச் சொல்ல, அகல்யாவின் தாளில் பெருக்கல் குறியாக விழுந்துகொண்டே இருந்தது. பத்துப் பேர் கேள்விக்கு அவளும் பன்னிரண்டு என்றுதான் போட்டிருந்தாள். ஜீவானந்தம் வாசித்தார்: "பத்து பேர் பதினெட்டு நாள். பன்னெண்டு பேர்னா எத்தனை நாள்? நூத்தி எண்பதைப் பன்னெண்டால வகுத்தா பதினஞ்சு." பழைய தாளில் பதினைந்து பேர், பன்னிரண்டு நாள். இதில் பன்னிரண்டு பேர் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறது. கேள்வியில் உள்ள எண்ணையே விடையாகப் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது மைதிலிக்குக் காது மடல் சூடானது.

அகல்யாவுக்கு எண்பத்து நான்கு. மைதிலி எழுந்து மெல்லிய குரலில் படித்தார்.

அடுத்து அகல்யா எழுந்தாள். தாளைப் பார்க்காமல், "அக்காவுக்கு நூத்தி எழுபத்திரண்டு," என்றாள்.

யாரோ கை தட்டினார்கள். "அதானே," என்றார் ஒருவர். தாளை அகல்யா நான்காக மடித்து மைதிலியின் பைக்குள் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அப்போதே எழுந்து, இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மைதிலி சொல்லவில்லை. பாராட்டியவர்களுக்குத் தலையை வேறு ஆட்டினார். அதுதான் அவரால் பிறகு மன்னிக்க முடியாத தலையாட்டல்.

பஸ்ஸில் ஏறியதும் தாளை விரித்துப் பார்த்தார். தொண்ணூற்று ஏழு. அகல்யா ஒழுங்காகத்தான் கூட்டி, ஓரத்தில் சின்னதாக எழுதி, வட்டம் போட்டிருந்தாள். தனக்காக ஒரு பெண் எல்லார் முன்னாலும் பொய் சொல்லியிருக்கிறாள். இத்தனைக்கும் அவள் எண்பத்து நான்கு வாங்கியது தன்னைப் பார்த்துப் படித்ததால்தான். மைதிலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மகளை அனுப்பிவிட்டு, சமையலறைத் தரையில் எட்டுத் தாள்களையும் பரப்பினார். முதலில் தன் தொண்ணூற்று ஏழையே சோதித்தார். ஒவ்வொரு சரியான விடைக்கும் எதிரே, ஏன் அது சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். சொல்ல முடிந்தவை அறுபத்தொன்று. மீதி முப்பத்தாறும் குருட்டாம்போக்கில் விழுந்தவை. தேர்வில் தவறுக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், அதனால் அங்கே ஊகிப்பது தப்பில்லை. ஆனால் வீட்டில் ஊகித்ததைத் தெரிந்ததோடு சேர்த்து எண்ணிக்கொண்டே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். ஆண்டு ஆண்டாகக் கட்டி வைத்திருந்த பிரதிகளை வெட்டி, பாடத் தலைப்பு வாரியாகக் கிண்ணங்களில் போட்டார். குழம்புக் கிண்ணத்தில் இலக்கணம், மோர்க் கிண்ணத்தில் கணக்கு, மூடி போட்ட சம்புடத்தில் அரசியலமைப்பு. சில கிண்ணங்கள் ஒவ்வொரு ஆண்டும் நிரம்பின, சில எப்போதாவது ஒன்று. தான் விழுந்து விழுந்து படித்த அரசியலமைப்பு ஏற்கெனவே பலமாகத்தான் இருந்தது. கையில் இருந்த எட்டுத் தாளிலும் வந்த தொகைநிலைத் தொடர்களில்தான் ஓட்டை. ஊறுகாய் வினைத்தொகை என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும், ஏனென்றால் அது பழைய தாளில் இருக்கிறது. ஜீவானந்தம் சுடுசோறு என்று கேட்டதற்குப் பண்புத்தொகை என்று போட்டிருந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு. மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது, அதனால் வினைத்தொகை. பத்து வருஷமாகத் தினமும் சோறு வடிக்கிறவருக்கு இது அன்றுதான் புரிந்தது.

அன்றைக்குக் குணசீலன் போனில் கூப்பிட்டார். "டெஸ்ட் எப்படி போச்சு?"

"சுமாருங்க," என்றார் மைதிலி.

"சுமாருன்னா நூத்தி எழுபதாட்ட இருக்கும்," என்று அவர் சிரித்தார். மைதிலிக்கு வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

அந்த வாரம் பழைய கேள்வி எதையும் அவர் அப்படியே போடவில்லை. தவறு விழுந்த கிண்ணத்தை எடுத்து, அந்தப் பகுதியைப் பாடப்புத்தகத்தில் தேடிப் படித்தார். பின்பு அதே கேள்வியைத் தானே எண்ணையும் சொல்லையும் மாற்றி எழுதினார். இரண்டு நாள் கழித்து அதைப் போட்டுப் பார்த்தார். மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி ஓடினால் பெரிது. இருநூறு போட்ட கைக்கு இது அவமானமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஜீவானந்தம் இன்னொரு தாள் கொண்டுவந்தார். மைதிலி இந்தத் தடவை தெரியாத இடத்தில் 'ஈ' வட்டத்தைக் கருப்பாக்கினார். முடிவில், தேர்வில் செய்வது போலவே, ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். 'ஈ' ஐம்பத்தெட்டு.

தாள்கள் மாறின. அகல்யா திருத்தினாள். படிக்க எழுந்தபோது அவள் வாய் திறப்பதற்குள் மைதிலி தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானே படிக்கறனுங்க," என்றார். "நூத்தி ஒன்பது சரி. அம்பத்தெட்டு தெரியலைன்னு போட்டிருக்கறேன். போன வாரம் நூத்தி எழுபத்திரண்டு இல்லீங்க, தொண்ணூத்தேழு. இந்தப் புள்ள என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்லுச்சு, நானும் வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

மைதிலி நிறுத்தவில்லை. இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"போன பரீட்சையில ரெண்டு கேள்வியில போகலீங்க. நூத்தி அறுபத்தெட்டுன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க. நூத்திப் பத்தொம்பதுதான். மனப்பாடம் பண்ணிப்போட்டுப் படிச்சமாதிரி ஏமாத்திட்டு இருந்தேன். என்னைப் பாத்து யாரும் அப்படிப் படிக்காதீங்க."

ஜீவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காருங்கம்மா," என்றார், அவ்வளவுதான். மற்றவர்கள் தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டார்கள். மைதிலி உட்கார்ந்தார்.

"கண்ணு, உன்னைத்தான் நான் கெடுத்துப்போட்டேன்," என்றார் அகல்யாவிடம், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அகல்யா பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள். "நூத்தி எழுபத்தெட்டரை மார்க்குக்கா," என்றாள்.

மைதிலிக்கு முதலில் பிடிபடவில்லை. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். நூற்றுப் பத்தொன்பது கேள்விக்கு நூற்று எழுபத்தெட்டரை. அந்த அரையை மைதிலி ஒருவரிடமும் சொன்னதில்லை. இவள் கணக்கும் போடவில்லை, முன்பே பார்த்தவள் போலச் சொல்கிறாள்.

"உங்க அப்ளிகேஷனை எங்க சென்டர்ல நான்தானே போட்டேன்," என்றாள் அகல்யா. "நம்பரும் பிறந்த தேதியும் அதுலயே இருந்துச்சு. ரிசல்ட் வந்த அன்னைக்கே பாத்துட்டேன்."

ஒரு வருஷம். ரெண்டே கேள்வியில போச்சுங்க என்று மைதிலி இந்த மாடியில் சொன்ன ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சுமா என்னைப் பாத்துப் படிச்சே?"

"போன பரீட்சையில எனக்கு நூத்தி ரெண்டு கேள்விதாங்க்கா சரி," என்றாள் அகல்யா. "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மைதிலி பைக்குள் கையை விட்டார். வெட்டிய இலக்கணக் கேள்விகளை மாற்றி அடைத்த சம்புடம் தட்டுப்பட்டது. அதை மேசைமேல் வைத்து, தலை நிமிராமல் மூடியைத் திறந்தார். அகல்யா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு துண்டை எடுத்தாள்.