வழிதவறிய நோயாளிகள்

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவளை ‘சர்வர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இணையதளம் படுத்தால் எழுப்புவது அவள் வேலை. அது ஒழுங்காக ஓடும்போது அவளை ஒரு நாய்கூடச் சீந்தாது. வாய் கொஞ்சம் நீளம், அதனால் சம்பள உயர்வு கொஞ்சம் குட்டை.

ஒருநாள் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். “அக்கா, சாயங்கால ஷிஃப்டை மூடப் போறாங்களாம். புது வெப்சைட்ல யாருமே விண்ணப்பிக்கலையாம். பகல்ல வேலைக்குப் போறவங்க தினமும் என்கிட்ட கேக்குறாங்களே!”

சர்வர் அக்காவுக்குச் சுருக்கென்றது. தளத்துக்கு வருபவர்களை வரிவரியாகக் குறித்துவைக்கும் சர்வர் பதிவில், ‘பக்கம் இல்லை’ என்று பதில் போன வரிகளை மட்டும் பிரித்தாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்து ஆட்கள் முட்டிக்கொண்டார்கள் என்பதும் அதே வரியில் இருக்கும். பக்கவாரியாகக் கூட்டினாள். எங்கிருந்து வந்ததென்றே இல்லாதவை பெரும்பாலும் கண்டதையும் தட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்கள், அவற்றைத் தள்ளினாள். காணாமல்போன படங்களையும் கழித்தாள்.

மிச்சத்தில் உச்சியில் நின்றது அவர்களுடைய டயாலிசிஸ் பக்கமேதான். ‘மாலை நேரத்துக்கு விண்ணப்பிக்க’ என்ற இணைப்பு இன்னும் பழைய முகவரிக்கே போனது. தளத்தைப் புதுப்பித்த புண்ணியவான் மேலே இருந்த மெனுவை மட்டும் சோதித்துவிட்டுக் கைகழுவியிருந்தான். அழுத்தியவர்களுக்குக் கிடைத்தது ஒரு கோமாளிப் படம், ‘அச்சச்சோ, தொலைஞ்சு போயிட்டீங்களா?’ என்ற கேள்வியோடு. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். இணைப்பை அழுத்தியவர்களின் வாரவாரியான எண்ணிக்கையில் அவர் விரல் வைத்தார்.

“முதல்ல நெறைய, அப்புறம் கொறைஞ்சுக்கிட்டே வருது பாருங்க. ஜனங்களுக்கு ஆர்வம் போயிடுச்சும்மா.”

“சார், அவங்க கிட்னி போனவங்க. ஆர்வம் போயி நிறுத்துற விஷயமா இது?”

“கத்தாதீங்க. மெஷினை வேற கிளைக்குக் கொடுக்கக் கையெழுத்தாயிடுச்சு. மேலிடத்துல போய் வெப்சைட் தப்புன்னு சொல்லி நான் அசிங்கப்படணுமா?”

அவளே மேலிடத்துக்கு எழுதினாள். ‘மேலாளர் வழியாக அனுப்பவும்’ என்று பதில் வந்தது. அந்த வழியின் லட்சணம்தான் தெரியுமே. பழைய முகவரிக்கு வருபவர்களை விண்ணப்பப் படிவம் இருக்கும் புதியதற்குத் திருப்பிவிட மட்டும் அவளுக்கு அதிகாரம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் செய்தாள்.

மறுநாள் மேலாளரே நேரில் வந்தார். “இணைப்பு சரியாயிடுச்சுல்ல? அந்த ஃபாரத்தை எடுத்துட்டு, அதே எடத்துல இதைப் போட்டுடுங்க.”

அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்கினாள். சொன்னபடி போட்டாள்.

அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. அழுத்தியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நேராகப் போய்ச் சேர்ந்தார்கள், ‘போதிய விண்ணப்பங்கள் வராததால் மாலைப் பிரிவு மூடப்பட்டது’ என்ற அறிவிப்புக்கு.